பக்கத்து சீட்டைப் பாருங்க

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபது வருடமாகத் தொலைதூர பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் பொம்பளைக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் பயணிகள் ஆளைத் தூக்கி லக்கேஜோடு மேலே கட்டிவிடுவார்கள். ஆனால் பொய் சொல்ல மாட்டேன். நான் சொல்வதை நம்பாதவர்கள் அன்றைக்கு என் பஸ்ஸில் இருந்த முப்பத்தொன்பது பேரில் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

முதலில் எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கிளம்பினால் மாலையில் துறைமுகம். நடுவழியில் ஒரு ஹோட்டல் வாசலில் பதினைந்து நிமிடம் நிறுத்துவோம். துறைமுகத்திலிருந்து திரும்புகிற பஸ்ஸும் அதே நேரத்தில் அங்கே வந்து பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒரே டெப்போ, ஒரே பச்சை, உள்ளே ஒரே மாதிரி சீட். முன்னால் ஊர்ப் பெயர் எழுதிய போர்டு மட்டும்தான் வேறு. அதை யார் பார்க்கிறார்கள்? பச்சையைப் பார்த்தால் ஏறிவிடுகிறார்கள்.

நேரம் முடிந்ததும் நான் படியில் நின்று, "துறைமுகம் ஏறு, துறைமுகம் ஏறு" என்று இரண்டு தரம் கத்துவேன். பிறகு உள்ளே போய், "எல்லாரும் வந்தாச்சா?" என்பேன். "வந்தாச்சு!" என்று பஸ்ஸே சேர்ந்து பதில் சொல்லும். பின்சீட்டிலிருந்து முன்சீட் வரை ஒவ்வொரு சீட் கம்பியையும் விரலால் தட்டிக்கொண்டே தலைகளை எண்ணுவேன். டிரிப் ஷீட்டில் இருக்கிற எண்ணும் நான் எண்ணியதும் ஒன்றாக இருந்தால் கதவைச் சாத்தி இரண்டு விசில். இரண்டு விசில் என்றால் போ, ஒரு விசில் என்றால் நில். அந்த இரட்டை விசில் காதில் விழாமல் டிரைவர் வண்டியை நகர்த்தவே கூடாது. கிளம்புகிற பொறுப்பு முழுக்க கண்டக்டருடையது.

இத்தனை ஒழுங்காக இருந்தும் அந்த நாளுக்கு ஆறு வாரம் முன்னால் ஒருத்தரை விட்டுவிட்டு வந்தேன்.

தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெரியவர். கழிவறைக்குப் போனவர் திரும்பவில்லை. நான் கேட்டேன், எல்லாரும் "வந்தாச்சு" என்றார்கள். எண்ணினேன், சரியாக இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்றால், எதிர் பஸ்ஸிலிருந்து ஒரு ஆள் பச்சையைப் பார்த்து ஏமாந்து என் பஸ்ஸில் ஏறி, காலியாக இருந்த அவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தான். ஒருத்தர் குறைவு, ஒருத்தர் கூட. கணக்கில் எந்தப் பிசகும் தெரியாது. பெரியவர் எங்கள் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ரோட்டில் ஓடியிருக்கிறார். நெஞ்சுவலி மாத்திரை இருந்த பை என் தலைக்கு மேலே ரேக்கில் இருந்தது. ரோட்டோரத்திலேயே உட்கார்ந்தார், உயிர் போய்விட்டது.

விசாரணை நடந்தது. எண்ணிக்கை சரி, எனவே கண்டக்டர் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை வாங்கும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தப்பு என்று எழுதியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு நானே கேள்வியை மாற்றினேன். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், வாய் மட்டும் பதில் சொல்லும். அதனால் இப்படிச் சொல்ல ஆரம்பித்தேன்: "பக்கத்து சீட்டைப் பாருங்க. உங்ககூட வந்தவங்க இல்லைன்னா கையைத் தூக்குங்க. ஒரு கை மேல இருந்தாலும் விசில் கிடையாது."

டிரைவர் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் நானும் ஒன்பது வருடமாக ஒரே வண்டி.

"இது என்னம்மா பள்ளிக்கூடமா? கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னு. போற வர்ற சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ணே. சிரிக்கிறவங்க உயிரோட இருக்காங்கன்னு தெரியும்ல."

அவர் ஸ்டியரிங் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெரியவர் செத்த அன்று வண்டி ஓட்டியதும் அவர்தானே.

நான்கு நாள் ஒரு கையும் எழவில்லை. ஐந்தாவது நாள் மதியம் இரண்டரை மணி. தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது, பகலே சாயங்காலம் மாதிரி இருந்தது. பஸ் ஜன்னல்களெல்லாம் மூச்சுக்காற்றில் வெளுத்திருந்தன. வழக்கம்போல எண்ணினேன். முப்பத்தொன்பது. ஷீட்டிலும் முப்பத்தொன்பது. டிரைவர் இஞ்சினைப் போட்டார். நான் முன்னால் வந்து நின்று, அதே வார்த்தைகளை, அதே குரலில் சொன்னேன்.

பஸ் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. தூறல் சத்தம்கூட நின்றது போல இருந்தது. முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது. பின்னால் இரண்டு. அப்புறம் நடுவில், ஜன்னலோரம், கடைசி சீட்டில். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை, பேசவில்லை. என் கண்ணெதிரே பஸ் முழுக்கக் கைகள்.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. "என்ன, எல்லாரும் சேர்ந்து விளையாடுறீங்களா?" என்று கேட்டேன். ஒரு உதடுகூடச் சிரிக்கவில்லை.

முதல் வரிசையில் இருந்தவர் தச்சர். ரம்பம் தெரிகிற சாக்குப்பையைக் காலடியில் வைத்திருந்தார். அவரிடம் குனிந்து, "உங்களுக்கு என்ன அய்யா? தனியாத்தானே வந்தீங்க?" என்றேன்.

"நீங்கதானே சொன்னீங்க," என்றார். கண் கலங்கியிருந்தது. "என் தம்பி இன்னும் ஏறலைன்னு. அவன் பேரைச் சொல்லியே சொன்னீங்களே. வீடு பிரிச்சதுல சண்டை போட்டு பதினோரு வருஷமா நாங்க பேசிக்கறதில்லை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் யார் பேரையும் சொல்லலைங்க."

"சொன்னீங்கம்மா. வீட்ல கூப்பிடுற பேரைச் சொன்னீங்க."

அடுத்த சீட்டில் வேலை முடித்துத் திரும்புகிற ஒரு நர்ஸ். அவளைக் கேட்காமலேயே அவள் மெதுவாகச் சொன்னாள்.

"பன்னெண்டாம் நம்பர் பெட் இன்னும் வரலைன்னு சொன்னீங்கக்கா. அந்தப் பொண்ணு போனது போன வாரம். என் டியூட்டில. நான் அஞ்சு நிமிஷம் வெளிய போயிருந்தேன்."

அவளுக்குப் பின்னால் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு பெண். தாய் பின்னால் ஓடி வருகிறாள், நிறுத்து என்று கேட்டதாம். பக்கத்திலிருந்த அவள் புருஷனுக்கு அது கேட்கவில்லை. அவனுக்கு வேறு யாரோ. யார் என்று பெண்டாட்டி முன்னால் சொல்ல மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொண்டான். கையை மட்டும் இறக்கவில்லை. நல்ல பருமனான ஒரு மனிதர் எழுந்தே நின்றுவிட்டார்.

"எங்க நாய்மா. நாய் வரலைன்னு சொன்னே. வயசாயிருச்சு, புண்ணு வந்துருச்சுன்னு போன மாசம் நான்தான் மார்க்கெட்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். வீட்ல ஓடிப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பிள்ளைங்க இன்னும் தேடுதுங்க."

வேறு நாளாக இருந்தால் இதற்கு விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் பேசும்போது யாருக்கோ வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாளாம், போனை எடுத்து அதைப் போட்டாள். பஸ்ஸில் எல்லாரும் கேட்டார்கள். என் குரல்தான். பக்கத்து சீட்டைப் பாருங்க, உங்ககூட வந்தவங்க இல்லைன்னா கையைத் தூக்குங்க. அவ்வளவுதான், ஒரு எழுத்துகூட அதிகம் கிடையாது. அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு இது கேக்கலைக்கா," என்றாள். தனக்கு என்ன கேட்டது என்று கடைசி வரை அவள் சொல்லவில்லை.

டிரைவர் அண்ணன் சீட்டிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

"கண்ணாடிக்காரர் ஏறலைன்னு ஏம்மா சொன்னே?"

"அண்ணே, சத்தியமா நான் சொல்லலை."

எனக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை. என் குரல், என் வார்த்தை, அவ்வளவுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நிமிடத்தில் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆறு வாரமாக அந்தப் பெரியவர் என்னைத் திட்டவாவது மாட்டாரா என்று ஏங்கியவள் நான். அவர் ஏறவில்லை என்பது அண்ணன் காதில் விழுந்தது, என் காதில் விழவில்லை.

ஆனால் கண்டக்டருக்கு வேலை இருக்கிறதே. ஒரு கை மேலே இருந்தாலும் விசில் இல்லை என்று சொன்னவள் நான்தான். இத்தனை கை எழுந்தால் என்ன செய்வது? எண்ணினேன். பயந்தால் நான் எண்ணுவேன், அது என் பழக்கம். பின்னாலிருந்து கம்பியைத் தட்டிக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை தலைகளை இல்லை, கைகளை. முப்பத்தேழு.

இரண்டு கை எழவில்லை. இருபத்திரண்டாம் சீட்டும் இருபத்திமூன்றும். பக்கத்துப் பக்கத்து சீட்.

இருபத்திமூன்றில் ஜன்னலோரம் ஒரு ஆள் சாம்பல் நிறச் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். தூங்குகிறவன் காதில் என்ன விழும்? தோளைப் பிடித்து உலுக்கினேன். மிரண்டு எழுந்தான். நான் பார்த்தே இராத முகம்.

"டிக்கெட்?"

சட்டைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தான். எதிர் பஸ்ஸின் டிக்கெட். துறைமுகத்திலிருந்து கிளம்பியவன், மறுபடி துறைமுகத்துக்கே போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறான்.

மறுபடியும் அதே கதை. ஒருத்தர் கூட, ஒருத்தர் குறைவு, எண்ணிக்கை சரி. அப்படியானால் இந்த சீட்டில் இருந்தது யார்?

இருபத்திரண்டில் இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். நன்றாக மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை, மூன்று நாள் தாடி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அத்தனை கை எழுந்திருக்க, அவர் தன் கைகள் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்ககூட வந்தது யாருங்க?"

"யாரும் இல்லை. தனியாத்தான் வந்தேன்."

டிக்கெட் மெஷினைத் திறந்து பார்த்தேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று, ஒரே டிக்கெட், இரண்டு பேர். அப்போதுதான் எனக்கு முகமும் ஞாபகம் வந்தது. காலையில் டிக்கெட் கொடுக்கும்போது ஜன்னலோரம் ஒரு வயதானவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரே கேள்வியை என்னிடம் மூன்று தரம் கேட்டார், எந்த ஊர் போகிறோம் என்று. இவர்தான் ஒவ்வொரு தரமும் பல்லைக் கடித்துக்கொண்டு, "துறைமுகம்ப்பா" என்று பதில் சொன்னார்.

"உங்க அப்பா எங்க?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அய்யா, உங்களைத்தான் கேக்கறேன். அப்பா எங்க? வண்டி கிளம்பியிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா? போன மாசம் இதே இடத்துல ஒருத்தர் செத்தாரு. நான் கொன்னேன். கேக்குதா? நான்!" பஸ்ஸே கேட்கக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதையெல்லாம் பறந்துவிடும். "வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுய்யா!"

"நான் ஒண்ணும் செய்யலை," என்றார் அவர். குரல் எழும்பவே இல்லை. "பாத்ரூம் போறேன்னு இறங்கினாரு. அப்புறம் இந்த ஆள் வந்து அவர் சீட்டுல உட்கார்ந்து தூங்கிட்டாரு. இது எங்கப்பா சீட்டுன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. சும்மா இருந்தேன். நீங்க எண்ணினீங்க. சரியா இருக்குன்னு தலையை ஆட்டினீங்க. அப்பவும் சும்மா இருந்தேன்."

"அடப்பாவி."

"ரெண்டு வருஷமாங்க. ராத்திரியில கேஸைத் திறந்து விட்டுடுறாரு. கதவைத் திறந்துட்டு எங்கயாவது போயிடுறாரு. வேலை போச்சு. பெண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயிட்டா. என்னை யாருன்னு கேக்கறாரு. தினமும் கேக்கறாரு." மூச்சு வாங்கினார். "வேணும்னு விடலை. அது தானா நடந்துச்சு."

"இவங்க எல்லாருக்கும் ஏதோ கேட்டிருக்கு. உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க பேசலை. எங்கப்பா பேசினாரு. 'நான் வரலைப்பா, நீ போ'ன்னு. நல்லா இருந்தப்போ எப்படிப் பேசுவாரோ அப்படி. அவரே சொல்லிட்டாருன்னு நினைச்சேன்."

அந்த நேரம் வெளியே இரட்டை விசில் கேட்டது.

எதிர் பஸ்ஸின் விசில். எனக்கு மண்டையில் அடித்தது போலப் புரிந்தது. இந்தச் சால்வைக்காரன் அங்கே விட்டுவிட்டு வந்த சீட் காலி. அப்படியிருந்தும் அந்தக் கண்டக்டர் விசில் கொடுக்கிறான் என்றால் அவனுக்கும் எண்ணிக்கை சரியாக வந்திருக்கிறது. ஜன்னல் வெளுப்பைக் கையால் துடைத்துப் பார்த்தேன். பச்சை பஸ் பின்னால் வந்து திரும்பி, ரோட்டைப் பார்த்து நகர ஆரம்பித்திருந்தது.

நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. தூறலில் செருப்பு ஒன்று கழன்றுகொண்டது. கத்தினால் இஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கத்தவில்லை. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து மூச்சு முட்டுகிற வரை ஊதினேன். ஒரே விசில், நீளமாக. எங்கள் டிரைவர்களுக்கு ஒற்றை விசில் கேட்டால் போதும், யார் ஊதியது, எங்கிருந்து ஊதியது என்று பார்க்க மாட்டார்கள், கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். பஸ் குலுங்கி நின்றது.

கதவைத் திறந்த கண்டக்டர் பையன் என்னை முறைத்தான். "என்னக்கா, என் வண்டிக்கு நீங்க விசில் அடிக்கிறீங்க?"

"உன் வண்டியில என் ஆள் இருக்காருடா."

"இருக்காதுக்கா. நாப்பத்திரண்டு. ரெண்டு தரம் எண்ணினேன், சரியா இருக்கு."

"எண்ணிக்கை எப்பவும் சரியாத்தான்டா இருக்கும். நகரு."

அவர் இருந்தார். அங்கேயும் இருபத்திமூன்றாம் சீட், ஜன்னலோரம். பொத்தான் மாறிப்போட்ட சட்டை நனைந்திருந்தது. பக்கத்து சீட்டில் யாரோ ஒரு பெண்மணி புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கையாலும் முன்சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி நீட்டி, பஸ்ஸில் இருந்த ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாங்க அய்யா. இது உங்க பஸ் இல்லை."

"நீ யாரும்மா?"

"கண்டக்டர். உங்க பையன்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

உடனே எழுந்துவிட்டார். தூறலில் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். உள்ளங்கை ஐஸாக இருந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்த மகன் மேல் கோபமும் இருந்தது, அந்தக் குரல் பற்றிய பயமும் இருந்தது.

"அய்யா, பஸ்ஸுல உட்கார்ந்திருந்தப்போ பையன்கிட்ட ஏதாவது சொன்னீங்களா? 'நான் வரலை, நீ போ'ன்னு?"

அவர் நின்றுவிட்டார். என்னை ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நானா? நான் எதுக்குப் போகச் சொல்றேன்? அவன் சின்னப் பிள்ளை. ஏழு வயசு. தனியா விட்டா அழுவான்."

மகன் படிக்குக் கீழே வந்து மழையில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது. அப்பா அவர் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "இவர் பெரிய ஆளா இருக்காரேம்மா. என் பையன் எங்க?" என்று கேட்டார்.

மகன் அப்படியே ஈரத்தில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். அப்பாவின் இடுப்பு உயரத்துக்கு வந்தார். உட்கார்ந்தவர் தேம்பித் தேம்பி அழுதார், ஒரு பெரிய மனிதன் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. அழுகைச் சத்தம் கேட்டதும் கிழவர் முகம் மாறிவிட்டது. ஈரக் கையால் அவசர அவசரமாக அந்தத் தாடிக் கன்னத்தைத் துடைத்தார்.

"வந்துட்டேன்டா. எங்கயும் போகலை. வண்டி மாறிப் போச்சு, அவ்வளவுதான். அழாதே."